ஆறு மாதமாகத் திறக்காதவர்களுக்கு என்ன மெயில் அனுப்புவது?

கேள்வி: மாடித்தோட்டத்துக்கு விதை, தொட்டி, உரம் விற்கும் சின்னக் கடை எங்களுடையது. வாரம் ஒரு மெயில் அனுப்புகிறோம். பட்டியலில் 8,000 பேர். அதில் 4,600 பேர் ஆறு மாதமாக எதையும் திறக்கவில்லை. "20% தள்ளுபடி, திரும்பி வாங்க" என்று அத்தனை பேருக்கும் ஒரு மெயில் போடலாமா? விலகும் லிங்கை வழக்கம்போல அடியில் சின்னதாக வைத்தால் போதும்தானே?

பதில்:

முதலில் அந்த 4,600 என்ற எண்ணையே கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஒருவர் மெயிலைத் திறந்தாரா என்பதை உங்கள் மென்பொருள் நேரடியாகப் பார்ப்பதில்லை. மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளிப் படத்தை வைத்து அனுப்புகிறது. அந்தப் படம் சர்வரிலிருந்து இறக்கப்பட்டால் "திறந்தார்" என்று கணக்கு எழுதிக்கொள்கிறது. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து ஆப்பிளின் மெயில் செயலி, அந்தப் பாதுகாப்பு வசதியை இயக்கி வைத்திருப்பவர்களுக்கு, படங்களைத் தானாகவே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. அவர் படித்தாரா இல்லையா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. அதனால் ஐபோன்காரர் ஒருவர் ஒரு வருடமாக உங்கள் மெயிலைத் தொடாவிட்டாலும் கணக்கில் தவறாமல் படிக்கும் வாசகராக இருப்பார். மறுபக்கம், படங்கள் தானாக வராதபடி அமைத்திருப்பவர் வாராவாரம் படித்தாலும் "திறக்கவே இல்லை" பட்டியலில் கிடப்பார்.

ஆகவே திறப்பை விட்டுவிட்டு செயலைப் பாருங்கள். கடந்த ஆறு மாதத்தில் ஏதாவது வாங்கினாரா, ஏதாவது ஒரு லிங்கைத் தட்டினாரா, பதில் எழுதினாரா? ஆர்டர் விவரங்கள் இருக்கும் எக்ஸெல் கோப்பை மெயில் பட்டியலோடு ஒப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஒரு பேச்சுக்கு, அந்த 4,600 பேரில் 700 பேர் இந்த ஆறு மாதத்தில் விதையோ உரமோ வாங்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள். அவர்களுக்கு இந்த மெயிலே வேண்டாம். போன மாதம் 600 ரூபாய்க்குத் தொட்டி வாங்கியவரிடம் "எங்களை மறந்துவிட்டீர்களா" என்று கேட்டால் அவருக்கு எரிச்சல்தான் வரும்.

மிச்சம் 3,900. இவர்களைக் கடைசியாக எப்போது ஏதாவது செய்தார்கள் என்ற தேதியை வைத்துப் பிரியுங்கள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை மௌனமாக இருப்பவர்கள் 1,400, ஒன்றிலிருந்து இரண்டு வருடம் வரை 1,600, இரண்டு வருடத்துக்கு மேல் 900 என்று கணக்கு வந்தால், அந்த 900 பேருக்கு எதுவும் அனுப்பாமல் அப்படியே நிறுத்திவிடுங்கள். "ஒரு மெயில்தானே, போனால் போகட்டும்" என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. இரண்டு வருடம் பயன்படுத்தப்படாத கணக்குகளை கூகுள் 2023 டிசம்பர் முதல் அழித்து வருகிறது. யாகூ அதற்கு முன்பே, 2013-ல், கைவிடப்பட்ட முகவரிகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. பழைய முகவரிகளில் சிலவற்றை ஸ்பேம் தடுப்பு அமைப்புகள் பொறியாகவும் வைத்திருக்கின்றன. அந்த முகவரிக்குப் பின்னால் மனிதர் யாரும் இல்லை, அதற்கு மெயில் அனுப்புகிறவர் பட்டியலைச் சுத்தம் செய்யாதவர் என்பதுதான் அவற்றின் கணிப்பு. பொறியில் சிக்கினால் உங்களுக்கு யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். நல்ல வாசகர்களுக்கு அனுப்பும் மெயில்களும் ஸ்பேமில் விழத் தொடங்கும்போதுதான் தெரியும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில வருடங்களுக்கு முன் ஒரு புத்தகக் கடையின் மெயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் கிட்டத்தட்ட பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பிவிடலாம் என்று நினைத்து ஒரே நாள் காலையில் அத்தனை பேருக்கும் ஒரு தள்ளுபடி மெயில் அனுப்பினேன். அன்று நல்ல விற்பனை. மறுவாரம் ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, "பணம் கட்டிட்டேன் சார், பில் வரலியே" என்றார். தேடிப் பார்த்தால் பில் அவருடைய ஸ்பேம் பெட்டியில் கிடந்தது. விளம்பர மெயிலும் பில் மெயிலும் ஒரே டொமைனில், ஒரே முகவரியிலிருந்து போய்க்கொண்டிருந்தன. ஒன்று கெட்டதும் இன்னொன்றும் கெட்டுவிட்டது. அது சரியாவதற்கு இரண்டு மாதம் ஆனது. உங்களுடைய பில்களும் வாராந்திர மெயில்களும் ஒரே முகவரியிலிருந்து போகின்றன என்றால், இந்த வேலையைத் தொடங்கும் முன்னாலேயே வாராந்திர மெயிலுக்குத் தனியாக ஒரு துணை டொமைன், அதாவது உங்கள் டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்ந்த முகவரி, போட்டுப் பிரித்துவிடுங்கள். புது டொமைனுக்கு மெயில் சேவைகளிடம் இன்னும் நற்பெயர் கிடையாது. அதனால் முதல் சில வாரம் ஒழுங்காகப் படிப்பவர்களுக்கு மட்டும் அதிலிருந்து அனுப்பி, அதற்கு ஒரு நல்ல பெயர் வந்த பிறகு தூங்குபவர்களிடம் போங்கள்.

இப்போது கையில் 3,000 பேர். அவர்களுக்கு என்ன எழுதுவது?

தள்ளுபடியை நான் வேண்டாம் என்பேன். 20% கொடுத்தால் சிலர் வருவார்கள், கூப்பனைப் பயன்படுத்துவார்கள், மறுபடி தூங்கிவிடுவார்கள். அவர்கள் ஏன் படிப்பதை விட்டார்கள் என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை. வாரம் தவறாமல் படித்து முழு விலைக்கு வாங்குபவருக்கு ஒன்றும் கிடையாது, திரும்பிப் பார்க்காதவருக்கு 20% என்பதும் நன்றாக இல்லை. விஷயம் வெளியே தெரிந்தால் நல்ல வாடிக்கையாளர்களும் இரண்டு மாதம் சும்மா இருந்து பார்ப்பார்கள்.

அவர்கள் பட்டியலில் இருக்க ஒரு காரணம் கொடுக்க வேண்டுமென்றால் மெயிலில் அனுப்பும் விஷயத்தில் ஒரு மாற்றம் வேண்டும். உங்கள் பழைய மெயில்களை ஒரு பத்து எடுத்து வாடிக்கையாளர் கண்ணால் படித்துப் பாருங்கள். விதை வாங்கியவருக்கு உங்களிடமிருந்து என்ன வேண்டும்? "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருப்பார். ஆனால் நாலாவது மாடியில் பன்னிரண்டு தொட்டி வைத்திருப்பவர் இந்த மாதம் எதை, எந்த அளவுத் தொட்டியில், எத்தனை விதை போட வேண்டும் என்பதைச் சொல்ல ஆள் இல்லை. அதை உங்களால் சொல்ல முடியும். வாரம் ஒரு மெயில் என்பதை மாதம் ஒன்றாகக் குறைத்து, அதில் இதை மட்டும் சொல்வதாக வாக்குக் கொடுங்கள். உங்களால் காப்பாற்ற முடிந்த வாக்காக இருக்க வேண்டும். நாலாவது மாதம் பழையபடி "மெகா ஆஃபர்" என்று ஆரம்பித்தால் இப்போது சரி என்று சொன்னவரும் போய்விடுவார், இந்த முறை ஸ்பேம் பொத்தானை அழுத்திவிட்டு.

ஆடி ஜூலை நடுவில் பிறக்கிறது. ஜூன் கடைசி வாரம் அனுப்பினால் காரணமும் காலமும் சேர்ந்து வரும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

> சப்ஜெக்ட்: விதைப்புக் குறிப்பு இனியும் வேண்டுமா?
>
> வணக்கம்.
>
> எங்கள் தளத்தில் விதை வாங்கியபோது வாராந்திர மெயிலுக்குப் பதிவு செய்திருந்தீர்கள். அது இப்போதும் உங்களுக்குப் பயன்படுகிறதா என்று கேட்காமலேயே அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.
>
> ஆடியிலிருந்து மாதத்துக்கு ஒரே ஒரு மெயில்தான். அந்த மாதம் மாடியில் எதை விதைக்கலாம், எந்த அளவுத் தொட்டி வேண்டும், எத்தனை நாளில் காய்க்கும், என்ன பூச்சி வரும் என்பது மட்டும் அதில் இருக்கும். ஆடி மெயிலில் வெண்டை, கொத்தவரை, அவரை, பீர்க்கு.
>
> [ஆமாம், மாதம் ஒன்று அனுப்புங்கள்]
>
> [வேண்டாம், நிறுத்திவிடுங்கள்]
>
> இரண்டையும் தொடாவிட்டால் ஜூலை 10-க்குப் பிறகு நாங்களே நிறுத்திவிடுவோம். ஆர்டர், பில் தொடர்பான மெயில்கள் வழக்கம்போல வரும்.

அவ்வளவுதான். படம் வேண்டாம், பேனர் வேண்டாம். சப்ஜெக்டில் "உங்களை மிஸ் பண்றோம்" என்று எழுதாதீர்கள். விதைக் கடை யாரையும் மிஸ் பண்ணாது என்பது வாடிக்கையாளருக்குத் தெரியும். போன் திரையில் சப்ஜெக்டின் முதல் நாலைந்து சொற்கள்தான் தெரியும், தமிழ் எழுத்து அகலமும் பிடிக்கும் என்பதால் "விதை" என்ற சொல் முதலிலேயே வந்துவிட வேண்டும். அதைப் பார்த்துத்தான் யார் அனுப்பியது என்று அவருக்கு நினைவு வரும். "நீங்கள் ஆறு மாதமாக எங்கள் மெயிலைத் திறக்கவில்லை" என்ற வரியையும் தவிர்த்துவிடுங்கள். யாரோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது போலத் தோன்றும். படங்களை மூடி வைத்துப் படித்தவராக இருந்தால் அது பொய்யும்கூட.

இரண்டு பொத்தான்களும் ஒரே அளவில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு இதுதான் பதில். விலகும் லிங்கை அடியில் சாம்பல் நிறத்தில் ஒளித்து வைத்தால் ஆள் தங்கிவிட மாட்டார். லிங்கைத் தேடிக் களைத்து, கண்ணெதிரே இருக்கும் ஸ்பேம் பொத்தானைத் தட்டுவார். விலகினால் உங்களுக்கு ஒரு முகவரிதான் குறையும். ஸ்பேம் என்று சொன்னால் அது மற்ற வாசகர்களுக்குப் போகும் மெயிலையும் கெடுக்கும்.

எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக அனுப்புபவர்களுக்கு விதி போட்டிருக்கின்றன. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1-க்குக் கீழே வைத்துக்கொள்வது நல்லது என்கிறது ஜிமெயில். 0.3 என்றால் ஆயிரத்துக்கு மூன்று பேர். நாளொன்றுக்கு ஜிமெயில் கணக்குகளுக்குச் சுமார் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்தான் மொத்தமாக அனுப்புபவர் என்று நினைத்து நீங்கள் நிம்மதியாக இருக்க முடியாது. உங்கள் 8,000 பேருக்கும் வாரத்தில் ஒரே நாள்தான் மெயில் போகிறது, அதில் பெரும்பாலும் ஜிமெயிலாகத்தான் இருக்கும். ஒரே ஒரு நாள் அந்த எல்லையைத் தாண்டினாலும் அதன் பிறகு உங்களை நிரந்தரமாக அந்தக் கணக்கில்தான் வைத்திருப்பார்கள்.

அதே விதியில், ஒரே தட்டில் விலகும் வசதி விளம்பர மெயில்களில் கட்டாயம், விலகியவரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இது மெயிலுக்குள் நீங்கள் வைக்கும் லிங்க் இல்லை. மெயிலின் தலைப்பகுதியில் போக வேண்டிய இரண்டு வரிகள். இவை இருந்தால் ஜிமெயில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் விலகும் பொத்தானைக் காட்ட முடியும்.

```
List-Unsubscribe: <https://example.com/u/ab12cd>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

பெரும்பாலான மெயில் சேவைகள் இதைத் தாமே சேர்த்துவிடும். சேர்த்திருக்கிறதா என்று பார்க்க, உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி, கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் `Show original` என்பதைத் தட்டுங்கள். இந்த இரண்டு வரிகளும் இருக்க வேண்டும், அதே பக்கத்தின் மேலே, மெயில் நிஜமாகவே உங்களிடமிருந்து வந்ததா என்று சோதிக்கும் SPF, DKIM, DMARC மூன்றுக்கும் எதிரே `PASS` என்று இருக்க வேண்டும். இரண்டாவது வரி எதற்கு என்றால், சில அலுவலகங்களில் மெயில் உள்ளே வரும்போதே பாதுகாப்பு மென்பொருள் அதிலுள்ள லிங்க்குகளை எல்லாம் ஒருமுறை திறந்து சோதிக்கும். லிங்கைத் திறந்தாலே விலகல் என்று வைத்தால் அந்த மென்பொருளே உங்கள் வாசகரை விலக்கிவிடும். இந்த வரி இருந்தால், பொத்தானைத் தட்டும்போது ஜிமெயில் தனியாக ஒரு கோரிக்கை அனுப்பும்; வெறுமனே திறப்பதை விட்டுவிட்டு, அந்தக் கோரிக்கையை மட்டும் ஏற்கும்படி சர்வரை அமைக்கலாம்.

மெயிலுக்குள் இருக்கும் இரண்டு பொத்தான்களுக்கும் இதே தொல்லை உண்டு. அதனால் தட்டியதும் ஒரு சின்னப் பக்கம் திறந்து, அதில் ஒரே ஒரு பொத்தான் இருக்கட்டும்: "நிறுத்து" அல்லது "தொடரட்டும்". அதை அழுத்தினால் வேலை முடிந்தது. லாகின், பாஸ்வேர்ட், "ஏன் போகிறீர்கள்" என்று ஆறு கேள்வி, எதுவும் வேண்டாம். காரணம் தெரிய ஆசையாக இருந்தால், நிறுத்திய பிறகு வரும் பக்கத்தில் ஒரு காலிப் பெட்டி வையுங்கள், விருப்பமிருந்தால் எழுதட்டும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதல் கொடுத்தது எவ்வளவு எளிதோ அதே அளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. உங்கள் தளத்தில் ஒரு கட்டத்தை டிக் அடித்துச் சேர்ந்தவரை மூன்று பக்கம் அலைய விட்டு அனுப்புவது எந்தக் கணக்கிலும் ஒத்து வராது. அப்புறம், அனுப்பும் முகவரி `noreply` என்று இருக்க வேண்டாம். நம் ஊரில் நிறையப் பேர் லிங்கைத் தேட மாட்டார்கள், "இனி அனுப்ப வேண்டாம்" என்று பதில்தான் எழுதுவார்கள். அதையும் ஒருவர் படித்து அன்றைக்கே நீக்க வேண்டும்.

அனுப்பும்போது 3,000 பேருக்கும் ஒரே நாளில் போடாதீர்கள். சமீபத்தில் மௌனமான 1,400 பேரிடமிருந்து ஆரம்பித்து, நாளொன்றுக்கு 300 என்று போங்கள். 300-ல் ஒருவர் ஸ்பேம் என்று சொன்னாலே 0.33 சதவீதம். அதனால் அந்த நாட்களில் வழக்கமாகப் படிப்பவர்களுக்கான மெயிலும் போய்க்கொண்டிருக்கட்டும், மொத்தக் கணக்கு சமநிலையில் இருக்கும். யார் புகார் சொன்னார் என்பதை ஜிமெயில் உங்களிடம் சொல்லாது. மெயில் அனுப்புபவர்களுக்காகக் கூகுள் வைத்திருக்கும் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் தளத்தில் சதவீதம் மட்டும் தெரியும், குறைவாக அனுப்பும் நாளில் அதுவும் தெரியாது. ஆகவே திரும்பி வரும் பிழைச் செய்திகளைத் தினமும் படியுங்கள். `550 5.1.1` என்றால் அப்படி ஒரு கணக்கே இல்லை, உடனே நீக்கிவிடுங்கள். அது 300-க்கு ஐந்தாறைத் தாண்டினால் அடுத்த தொகுதியை நிறுத்தி, அந்த முகவரிகள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். `421 4.7.28` என்று வந்தால் உங்களிடமிருந்து வரும் மெயில்களின் போக்கு ஜிமெயிலுக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், இரண்டு நாள் பொறுங்கள். `452 4.2.2` வேறு விஷயம். அவருடைய பெட்டி நிரம்பிவிட்டது. போட்டோக்கள் ஏறி 15 ஜிபி முடிந்துபோனவர்கள் எக்கச்சக்கம். அவர் உங்களை வெறுக்கவில்லை, மெயிலே அவருக்குப் போய்ச் சேரவில்லை. இவர்களைத் தனியாகக் குறித்து வைத்து மூன்று மாதம் கழித்து ஒருமுறை மட்டும் முயலுங்கள்.

முதல் மெயிலுக்கு எதுவும் செய்யாதவர்களுக்கு எட்டு நாள் கழித்து இன்னொன்று, "இதுதான் கடைசி" என்று சப்ஜெக்டிலேயே சொல்லி. மூன்றாவது வேண்டாம். கடைசித் தொகுதிக்கும் அந்த இரண்டாவது மெயில் ஜூலை 10-க்கு முன் போய்ச் சேரும்படி நாட்களைப் பின்னாலிருந்து எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பின்னால் போகும் தொகுதிகளுக்குத் தேதியை மாற்றி எழுதுங்கள். 3,000 பேரில் "ஆமாம்" என்று தட்டுபவர்கள் சில நூறைத் தாண்டினால் நல்ல விளைச்சல். மிச்சமுள்ளவர்களின் மௌனத்தை வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு, சொன்ன தேதியில் நிறுத்துங்கள். ஜூலை 10 என்று எழுதிவிட்டு ஆகஸ்டில் விநாயகர் சதுர்த்தி ஆஃபர் அனுப்பினால் புகார் அங்கேதான் குவியும்.

நிறுத்தியவர்களை மென்பொருளிலிருந்து அழித்துவிடாதீர்கள், "அனுப்ப வேண்டாம்" என்ற பட்டியலுக்கு மாற்றுங்கள். அழித்தால் அடுத்த முறை ஆர்டர் எக்ஸெலை ஏற்றும்போது அவர்கள் புதிய சந்தாதாரர்களாகத் திரும்பி வருவார்கள். விலகிய ஒருவருக்கு மறுபடி மெயில் போவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. அவர் பிறகு எப்போதாவது உங்களிடம் விதை வாங்கினால், பணம் கட்டும் பக்கத்தில் "மாதம் ஒரு விதைப்புக் குறிப்பு அனுப்பலாமா" என்ற கட்டம் டிக் இல்லாமல் காலியாக இருக்கட்டும். அவரே டிக் அடித்தால் மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து பெயரை எடுங்கள்.